84,500 போட்டோம், 48,500 ஏறியது
வங்கியின் தவறான பதிவும், ஸ்டேட்மெண்டில் அது திருத்தப்படும் விதமும்

பாஸ்புக்கை மாதம் ஒரு முறை பார்ப்பவர்கள் நம்மில் அதிகம். வங்கியில் எல்லாம் கம்ப்யூட்டர் ஆகிவிட்டது, இனித் தப்பு வராது என்ற எண்ணமும் பலரிடம் உண்டு. கம்ப்யூட்டர் கூட்டலில் தப்புச் செய்வதில்லை என்பது உண்மைதான். ஆனால் கவுண்டரில் நாம் கொடுக்கும் சலானைப் பார்த்து எண்ணை விசையில் தட்டுகிறவர் மனிதர்தானே! அவர் தட்டுகிற எண்தான் நம் கணக்கில் ஏறும். அது தப்பாக இருந்தால் அதன் பிறகு வரும் எல்லாக் கூட்டலும் பிசகாமல் தப்பாகவே வரும்.

நமது மண்டியில் நடந்ததையே சொல்கிறோம். வங்கியின் பெயர் இங்கே வேண்டாம். எந்த வங்கியிலும் நடக்கக் கூடியது அது.

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் நமது கடைப் பையன் சி.சி. கணக்கில் கட்ட ரூ.84,500 கொண்டு போனான். ஐந்நூறு 150, இருநூறு 30, நூறு 35 என்று நோட்டு விவரம் எழுதிய சலான். கேஷியர் எண்ணி வாங்கி, கவுண்டர்பாயிலில் முத்திரையும் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டார். அவர் எண்ணியதும் சரி, வாங்கியதும் சரி. கணினியில் ஏற்றும்போது மட்டும் 8-ம் 4-ம் இடம் மாறி ரூ.48,500 என்று விழுந்துவிட்டது. நோட்டு விவரத்தையும் ஏற்றி ஒப்பிட்டிருந்தால் அங்கேயே நின்றிருக்கும். அன்று அது நடக்கவில்லை.

நமது கைபேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது. நாம் எடைமேடை அருகில் லாரி இறக்கத்தில் நின்றோம். எட்டு, நாலு, ஐந்நூறு எல்லாம் கண்ணில் பட்டன. எந்த வரிசையில் இருந்தன என்று பார்க்கவில்லை. மறுநாள் இரண்டாவது சனிக்கிழமை, அதற்கு அடுத்து ஞாயிறு.

நமது சி.சி. லிமிட் ரூ.10 லட்சம். வெள்ளிக்கிழமை பணம் கட்டுவதற்கு முன் ரூ.9,82,000 பற்றில் இருந்தது. ரூ.84,500 ஏறியிருந்தால் எடுத்துக்கொள்ள ரூ.1,02,500 இடம் இருந்திருக்கும். அதை நம்பித்தான் பருப்பு மில்லுக்கு ரூ.95,000-க்குக் காசோலை கொடுத்திருந்தோம். உண்மையில் இருந்த இடம் ரூ.66,500-தான். திங்கள் காலை மில்காரர் காசோலையைப் போட்டார். ஏற்பாடு செய்த வரம்பைத் தாண்டுகிறது என்ற காரணத்துடன் அன்று மாலையே அது திரும்பிவிட்டது. முன்பெல்லாம் கிளியரிங்குக்கு ஒரு நாளாவது இடைவெளி கிடைக்கும். 2025 அக்டோபர் 4 முதல் காசோலைகளைத் தொகுதியாகச் சேர்த்து வைக்காமல் தொடர்ச்சியாக அனுப்பி அன்றன்றே முடிவு சொல்லும் முறை வந்துவிட்டது. பணம் சீக்கிரம் கிடைப்பது நல்லதுதான். ஆனால் தப்பைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய நமக்குக் கிடைக்கும் நேரமும் அந்த அளவுக்குக் குறைந்துவிட்டது.

இரவு ரூ.590 பற்று என்று ஒரு செய்தி வந்தது. காசோலை திரும்பியதற்குக் கட்டணம் ரூ.500, அதற்கு ஜி.எஸ்.டி. ரூ.90. அதைப் பார்த்த பிறகுதான் கணக்குப்பிள்ளை கவுண்டர்பாயில் கட்டை எடுத்து ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். ரூ.36,000 வித்தியாசம் வந்தது.

வித்தியாசத் தொகை கையில் கிடைத்ததும் அதை 9-ஆல் வகுத்துப் பார்ப்பது பழைய கணக்குப்பிள்ளைகளின் வழக்கம். இலக்கங்கள் இடம் மாறி விழுந்திருந்தால் வித்தியாசம் மீதமில்லாமல் 9-ஆல் வகுபடும். 36,000-ஐ 9-ஆல் வகுத்தால் 4,000. பக்கத்துப் பக்கத்து இலக்கம் மாறியிருந்தால், மாறிய இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 4 என்பதையும், பிசகு பத்தாயிரம், ஆயிரம் இடங்களில் இருக்கிறது என்பதையும் அந்த 4,000 சொல்லிவிடுகிறது. ஒரு பூஜ்யம் விட்டுப்போய் 84,500 என்பது 8,450 ஆகியிருந்தால் வித்தியாசம் 76,050. அதை 9-ஆல் வகுத்தால் தவறாக விழுந்த அதே 8,450 வரும். ஒரு பூஜ்யம் கூடி 8,45,000 ஆகியிருந்தால், வகுத்து வருவது சரியான தொகையான 84,500. ஒரே இலக்கம் மட்டும் மாறி 84,500 என்பது 81,500 ஆனால் வித்தியாசம் 3,000. அது 9-க்கு வகுபடாது. வரவில் போட வேண்டியதைப் பற்றில் போட்டுவிட்டால் வித்தியாசம் தொகையைப் போல இரு மடங்கு. முழுத் தொகையும் காணவில்லை என்றால் அது வேறொருவர் கணக்கில் ஏறியிருக்கலாம். வங்கிக்குப் போகும் முன்பே இதைப் பார்த்துவைத்தால், "ஏதோ குறைகிறது" என்று சொல்வதை விட்டு, "இந்தத் தேதியில் இந்த எண் இப்படி மாறியிருக்கிறது" என்று காட்டலாம்.

செவ்வாய் காலை கவுண்டர்பாயிலோடு போனோம். மேலாளர் முதலில் கேஷியரின் வெள்ளிக்கிழமை ரொக்க இருப்பைத்தான் பார்த்தார். ரொக்கத்தில் வரும் பிசகுக்கு உள்ள சௌகரியம் இது. வாங்கியது ரூ.84,500, பதிந்தது ரூ.48,500 என்றால் அன்று மாலை கேஷியரின் பெட்டியில் ரூ.36,000 கூடுதலாக நிற்க வேண்டும். நின்றிருக்கிறது. யாருடையது என்று அன்றைக்குத் தேடிப் பார்க்க நேரமில்லாமல், கூடுதல் ரொக்கம் என்று தனிக் கணக்கில் வைத்துவிட்டார்கள். சலானை எடுத்து நோட்டு விவரத்தைக் கூட்டியதும் விவகாரம் பத்து நிமிடத்தில் முடிந்தது.

பணம் எடுப்பதிலும் இதே கதைதான். ரூ.12,000 காசோலைக்கு ரூ.12,000-ஐ எண்ணிக் கொடுத்துவிட்டு, பற்றில் ரூ.21,000 என்று போட்டால் பெட்டியில் ரூ.9,000 மிஞ்சும். கேஷியர் பெட்டியில் கூடுதலே இல்லை என்று வங்கி சொன்னால்தான் சிக்கல். அப்போது பதிவில் தவறா, எண்ணிக்கொடுத்த பணத்தில் குறைவா என்ற கேள்வி வந்துவிடும். அந்த இடத்தில் சலானில் எழுதிய நோட்டு விவரம்தான் நமக்குத் துணை. கேமராப் பதிவைப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம், ஆனால் அதை வங்கி என்றைக்கும் வைத்திருப்பதில்லை. நாள் கடத்தாமல் எழுத்தில் கேட்க வேண்டும். சலானை நமது ஆளே தப்பாக எழுதியிருந்தால் அது வங்கியின் பிழை ஆகாது. கைபேசிச் செயலியில் நாமே தவறான தொகையைத் தட்டி அனுப்புவதும் அப்படித்தான்.

இனி, திருத்தம் ஸ்டேட்மெண்டில் எப்படி வந்தது என்று பார்ப்போம். பலர் கலங்கிப்போகும் இடம் இதுதான்.

கைப்பேரேடு இருந்த காலத்தில் தவறான எண்ணைச் சிவப்பு மையால் அடித்து, மேலே சரியான எண்ணை எழுதி, அதிகாரி சிறு கையெழுத்துப் போடுவார். இப்போது நாள் முடிந்து கணக்கு மூடிவிட்டால் விழுந்த வரியை யாராலும் அழிக்க முடியாது. தவறான வரி அப்படியே நிற்கும். அதை நேர் செய்ய எதிர்ப் பதிவு ஒன்று புதிய தேதியில் விழும். அன்றே கண்டுபிடித்து அன்றே மாற்றினாலும் பெரும்பாலும் இரண்டு வரியும் ஸ்டேட்மெண்டில் தெரியும்.

நமது கணக்கில் வரிகள் இப்படி வந்தன. வெள்ளிக்கிழமை ரொக்க வரவு 48,500, அத்துடன் பாக்கி 9,33,500 பற்று. திங்களன்று காசோலை திரும்பிய கட்டணம் 590, பாக்கி 9,34,090. செவ்வாய் பிற்பகல் முதல் வரியாக 48,500 பற்று, பாக்கி 9,82,590. அடுத்த வரி 84,500 வரவு, பாக்கி 8,98,090. கடைசியாகக் கட்டணம் 590 திரும்ப வரவு, பாக்கி 8,97,500. வெள்ளிக்கிழமையே சரியாக ஏறியிருந்தால் என்ன பாக்கி நிற்குமோ அதே பாக்கி.

நடுவில் அந்த 48,500 பற்று விழுந்தவுடன் கைபேசிக்குச் செய்தி வந்துவிட்டது. நமது மகன் பதறிப்போய், "அப்பா, யாரோ பணத்தை எடுத்துவிட்டார்கள்" என்று கடையிலிருந்து கூப்பிட்டான். விவரக் குறிப்பில் REV என்ற எழுத்துகள் இருந்தன. சில வங்கிகள் REVERSAL என்றும், சில CORR என்றும் போடுகின்றன. தவறாகப் பதிந்த பழைய தேதியையோ பரிவர்த்தனை எண்ணையோ சேர்த்துப் போடுவதும் உண்டு. குறிப்பு எதுவுமே இல்லாமல் வெறும் பற்றாக விழுந்தால், எந்த வரியை நேர் செய்ய இது போடப்பட்டது என்று எழுதித் தரும்படி கேட்க வேண்டும். ஆறு மாதம் கழித்து ஆடிட்டர் கேட்கும்போது நமக்கே நினைவிருக்காது.

முழுத் தொகையையும் திருப்பி எடுத்துவிட்டுச் சரியான தொகையைப் புதிதாகப் போடுவது ஒரு முறை. வித்தியாசத்தை மட்டும் ஒரே வரியில், நம் விஷயத்தில் 36,000 வரவு என்று போடுவது இன்னொரு முறை. இரண்டிலும் பாக்கி ஒன்றுதான். முதல் முறையில் ஓர் ஆபத்து உண்டு. பற்று வரி விழுந்து, வரவு வரிக்கு இன்னோர் அதிகாரியின் ஒப்புதல் தாமதமானால், இடைப்பட்ட நேரத்தில் நம் கணக்கு முன்னைவிடக் கீழே போகும். அந்த நேரத்தில் இன்னொரு காசோலை வந்தால் அதுவும் திரும்பும். ஆகவே இரண்டையும் ஒன்றாக முடிக்கும்படி சொல்லிவிட்டு, முடிகிற வரையில் நாம் கிளையிலேயே உட்கார்ந்திருந்தோம்.

ஸ்டேட்மெண்டில் இரண்டு தேதிகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்று பதிவு விழுந்த தேதி, மற்றது வேல்யூ டேட் என்பது. வட்டி இந்த இரண்டாவது தேதியை வைத்துத்தான் போடப்படுகிறது. திருத்த வரிகளுக்கு வேல்யூ டேட் வெள்ளிக்கிழமையாகப் போட்டால், வட்டியைப் பொறுத்தவரை பணம் வெள்ளியன்றே வந்ததாகிவிடும். செவ்வாய் தேதியையே போட்டுவிட்டால், நாம் கட்டிவிட்ட ரூ.36,000-க்கு நாலு நாள் வட்டி நம்மிடமே வாங்கப்படும். சி.சி. வட்டி தினசரிப் பாக்கியின் மேல். 11 சதவீதம் என்றால் 36,000-க்கு ஓர் ஆண்டு வட்டி 3,960. அதை 365-ஆல் வகுத்து நாலால் பெருக்கினால் ரூ.43 சொச்சம். இதற்குப் போய் நிற்பதா என்று தோன்றும். நாலு நாளில் கண்டுபிடித்ததால் 43 ரூபாய். மூன்று மாதம் கழித்துக் கண்டுபிடித்திருந்தால் ஆயிரத்தை நெருங்கியிருக்கும். அப்போதும் மேலாளர் வெறும் 36,000-ஐ மட்டும் போட்டுவிட்டு முடிந்தது என்பார். நாமாகக் கேட்டால்தான் அந்தத் தேதி மாறும்.

காசோலை விவகாரம் வட்டியைவிடப் பெரியது. ரூ.590 திரும்ப வந்துவிட்டது. ஆனால் மில்காரருடைய வங்கியும் அவரிடம் கட்டணம் பிடித்திருந்தது. ஏற்பாட்டுத் தொகையை மிஞ்சிக் காசோலை திரும்புவது மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-வது பிரிவுக்குள் வருகிற காரணம். மில்காரர் நினைத்தால் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பலாம். அதைப் பெற்ற 15 நாளுக்குள் நாம் பணம் தராவிட்டால் வழக்கே போடலாம். முப்பது வருடமாகக் கொடுக்கல் வாங்கல் உள்ளவர் அப்படிச் செய்யமாட்டார் என்பது வேறு விஷயம். ஆனால் அன்று மாலை போனில் அவர் பேசிய குரலில் ஒரு தயக்கம் இருந்தது. அடுத்த லோடுக்குப் பணம் முன்னதாக வந்தால் நல்லது என்றார். வங்கியின் ஒரு விசைத் தட்டலுக்காக நாம் கேட்க வேண்டி வந்த பேச்சு அது.

ஆகவே செவ்வாயன்று மேலாளரிடம் ஒரு கடிதம் கேட்டு வாங்கினோம். இன்ன எண் காசோலை, இன்ன தேதியில், எங்கள் கிளையின் பதிவுப் பிழையால் திரும்பியது, கணக்குதாரர் பேரில் தவறில்லை என்று நாலு வரி. முதலில் தயங்கினார். மேலிடத்துக்குப் போகும் என்பது அவர் கவலை. நமது மனுவில் கவுண்டர்பாயில் நகலை இணைத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை கேட்டதும் எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதத்தை மில்லுக்கு அனுப்பினோம். ரூ.95,000-ஐ அன்றே நெஃப்ட் மூலம் அனுப்பிவிட்டு, திரும்பிய காசோலையைக் கையில் வாங்கிக் கிழித்தோம். காசோலை மூன்று மாதம் செல்லும். அதை வாங்காமல் விட்டிருந்தால், விவரம் தெரியாத யாராவது மறுபடி வங்கியில் போட்டு இரண்டு முறை பணம் போயிருக்கும்.

நமது மனுவில் எழுதியவை இவைதான்: கணக்கு எண், தேதி, கவுண்டர்பாயிலில் உள்ள தொகை, பதிவான தொகை. அதன் கீழ், வெள்ளிக்கிழமை வேல்யூ டேட்டுடன் திருத்தம், திரும்பிய கட்டணத்தை ஜி.எஸ்.டி.யுடன் திரும்ப வரவு, மில்லுக்குக் கடிதம் என்ற மூன்று கோரிக்கை. வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்தால் முதல் கோரிக்கையில் பாதிதான் நடக்கும். எழுதிக் கொடுத்தும் வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால், அல்லது பதில் நியாயமாக இல்லாவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு cms.rbi.org.in என்ற தளத்தில் கட்டணமில்லாமல் புகார் தரலாம். அதற்கும் முத்திரையிட்ட மனு நகல் வேண்டும்.

பிசகு நமக்குச் சாதகமாக வந்தால்? நமக்குத் தெரிந்த மளிகைக் கடைக்காரர் ஒருவர் ரூ.8,450 கட்டினார். ரூ.84,500 ஏறிவிட்டது. ஏதோ வரவேண்டிய பாக்கி வந்திருக்கிறது என்று அவர் எடுத்துச் சரக்குப் போட்டுவிட்டார். கேஷியர் பெட்டியில் ரூ.76,050 குறைந்ததால் வங்கி அன்று மாலையே சலான்களைப் புரட்டிக் கண்டுபிடித்து, மறுநாள் எதிர்ப் பதிவு போட்டது. நடப்புக் கணக்கு பற்றில் விழுந்தது. வங்கி எப்படி என்னைக் கேட்காமல் எடுக்கலாம் என்று சண்டைக்குப் போனார். தவறுதலாகக் கொடுக்கப்பட்ட பணத்தைப் பெற்றவர் திருப்பித் தரவேண்டும் என்று 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72-வது பிரிவே சொல்கிறது. முன்கூட்டித் தகவல் சொல்லியிருக்கலாமே என்று அவர் கேட்டது நியாயம். பணம் என்னுடையது என்று சொல்ல அவருக்கு வழியில்லை.

நம் சொந்தக் கணக்குப் புத்தகத்தில் என்ன செய்வது? ஒன்றும் செய்யக்கூடாது. நாம் கட்டியது ரூ.84,500, நமது ரொக்கப் புத்தகத்தில் குறைந்ததும் ரூ.84,500. அந்தப் பதிவு சரியானது. வங்கி 48,500 என்று போட்டுவிட்டதே என்று நம் கணக்குப்பிள்ளையும் முதலில் ரூ.36,000-ஐக் குறைத்து எழுதப் போனார். எழுதியிருந்தால் ரொக்க இருப்பு ரூ.36,000 கூடுதலாகக் காட்டும், கல்லாவில் அந்தப் பணம் இருக்காது. பிறகு திருத்தம் வந்ததும் அதையும் ஒரு முறை வரவு வைத்து, ஒரே பிசகை இரண்டு இடத்தில் வைத்திருப்பார். வங்கியின் பிழை வங்கி ஒத்துப்பார்க்கும் தாளில் மட்டும் நிற்க வேண்டும். அந்த மாதக் கடைசி வரை திருத்தம் வராவிட்டால், நம் புத்தகப் பாக்கிக்கும் ஸ்டேட்மெண்ட் பாக்கிக்கும் உள்ள வித்தியாசமாக அந்த ரூ.36,000-ஐ ஒரு வரியாக எழுதி வைக்க வேண்டும். திரும்பிய கட்டணம் ரூ.590-ம், அது திரும்ப வந்ததும் மட்டும் நம் புத்தகத்தில் ஏறும்.

இன்னொன்றை ஆடிட்டர் சொல்லித்தான் நாமே கவனித்தோம். ஸ்டேட்மெண்டின் அடியில் மொத்த வரவு, மொத்தப் பற்று என்று கூட்டுத்தொகை இருக்கும். முழுத் தொகையைத் திருப்பி மறுபடி போடும் முறையில் நம் மொத்த வரவில் 48,500-ம் சேர்ந்திருக்கிறது, 84,500-ம் சேர்ந்திருக்கிறது. ஆக ரூ.1,33,000. உண்மையில் நாம் கட்டியது ரூ.84,500-தான். அடுத்த வருடம் லிமிட்டைக் கூட்டிக் கேட்கும்போது இந்தக் கூட்டுத்தொகையை விற்பனையோடு ஒப்பிடுவார்கள். ஆண்டு ரொக்க வரவு வரம்பைத் தாண்டினால் வங்கி வருமான வரித் துறைக்கும் தெரிவிக்கிறது. ஒரு பூஜ்யம் கூடி ரூ.8,45,000 விழுந்து திருத்தப்பட்ட கணக்காக இருந்தால் இந்த ஊதல் கண்ணை உறுத்தும். அதனால் மேலாளரின் கடிதத்தில் ஒரு நகலை அந்த வருட ஸ்டேட்மெண்டோடு சேர்த்துத் தைத்து, 48,500 வரவு, 48,500 பற்று ஆகிய இரண்டு வரிக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு அடைப்பு போட்டு வைத்திருக்கிறோம்.

மாதக் கடைசியில் வட்டி விழுந்ததும் கணக்குப்பிள்ளை தினசரிப் பாக்கியை வைத்து ஒரு முறை போட்டுப் பார்த்தார். அந்த நாலு நாளுக்கும் 36,000 குறைத்தே வட்டி போட்டிருந்தார்கள். இப்போதெல்லாம் பையன் வங்கியிலிருந்து கிளம்பும் முன் நமக்குப் போன் செய்து, கவுண்டர்பாயிலில் உள்ள எண்ணை ஒவ்வோர் இலக்கமாகச் சொல்கிறான். நாம் குறுஞ்செய்தியைப் பார்த்து "சரி" என்ற பிறகுதான் கவுண்டரை விட்டு நகர்கிறான்.